மீதியை வெள்ளித்திரையில் காண்க: ஒரு குடும்பப் படத்தின் பெயரும் அதன் யாப்பும்

ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதுவோர் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது நன்னூலார் வகுத்த நெறி. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவ்வெட்டு. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர் என்று அவரே சொல்லிச் செல்கிறார். மாணவர்கள் இப்பட்டியலை மனனம் செய்வதோடு நின்றுவிடுவார்கள். பாயிரம் வழக்கொழிந்த பொருள் என்பது அவர்கள் எண்ணம்.

ஆனால் உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் சாலையில் எலவனாசூர்கோட்டையைக் கடக்கும் எவரும் சுவரில் ஒட்டிய திரைப்படச் சுவரொட்டியைச் சற்று நிதானமாகப் பார்த்தால், நன்னூலார் சொன்ன பதினொன்றில் பெரும்பாலானவை அங்கே இருப்பதை உணர்வார். இயக்குநர் பெயர் ஆக்கியோன் பெயர். படத்தின் பெயர் நூற்பெயர். 'இன்று முதல்' என்பது காலம். கொட்டகையின் பெயர் களம். 'தாய்மார்களின் பேராதரவுடன்' என்பது கேட்போர் யார் என்னும் அறிவிப்பு. எஞ்சி நிற்பது நுதலிய பொருள். கதை எதைப் பற்றியது என்பதைச் சொல்லவும் வேண்டும், சொல்லிவிடவும் கூடாது. சுவரொட்டி வாசகத்தின் சங்கடம் முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது.

பெரிய நாயகர் நடித்த படத்திற்கு இச்சங்கடம் அவ்வளவாக இல்லை. அவர் முகமே நுதலிய பொருள், அதுவே பயன். முகம் காட்டி அழைக்க வழியில்லாத சிறு முதலீட்டுக் குடும்பப் படங்கள்தான் சொல்லை நம்பிப் பிழைக்க வேண்டியிருந்தன. அப்படி வந்த ஒரு படம் எவ்வாறு தன் அழைப்பு வாசகத்தைத் தன் பெயருக்குள்ளேயே வைத்துக்கொண்டது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். 1986இல் விசு எழுதி இயக்க, ஏவி.எம். நிறுவனம் தயாரித்த 'சம்சாரம் அது மின்சாரம்' அந்தப் படம்.

பாதிக் கதை சொல்லும் மரபு

அதற்குமுன் ஒரு பழைய வழக்கத்தை நினைவுகூர வேண்டும். 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்த்திரை பேசத் தொடங்கியபின், படத்தோடு பாட்டுப் புத்தகம் அச்சிட்டு விற்பது பல பதிற்றாண்டுகள் நீடித்தது. மெல்லிய தாளில் சில பக்கங்கள். அதில் நடிகர் பட்டியலும் பாடல்களும் இருக்கும். அவற்றோடு கட்டாயம் 'கதைச் சுருக்கம்' ஒன்றும் இருக்கும். மாட்டு வண்டியில் மேளம் கொட்டிக்கொண்டோ, ஒலிபெருக்கி கட்டிக்கொண்டோ வந்து தெருத்தெருவாக இறைத்துப்போகும் பிட் நோட்டீசிலும் இதே சுருக்கம் இன்னும் சுருங்கிக் காணப்படும்.

இச்சுருக்கத்திற்கு ஓர் இலக்கணம் உண்டு. கதை நேராகவே தொடங்கும். இன்ன ஊரில் இன்னார் இருந்தார், அவருக்கு இரு மக்கள், மூத்தவன் இப்படி, இளையவள் அப்படி என்று ஒளிவுமறைவின்றிச் செல்லும். இடையில் ஒரு பிணக்கு நேரும். அங்கே நடை மாறும். செய்தி சொல்லிக்கொண்டிருந்த வாக்கியங்கள் வினா வாக்கியங்களாகிவிடும். அவன் திரும்பி வந்தானா? அவளை ஏற்றுக்கொண்டார்களா? பிறகு அந்தப் புகழ்பெற்ற ஒற்றை வரி: 'மீதியை வெள்ளித்திரையில் காண்க.'

இன்று இவ்வரி நகைச்சுவைக்குப் பயன்படுகிறது. அன்று அது செய்த வேலை நுட்பமானது. எழுதத் தெரிந்தவர் கையில் கிடைத்த நோட்டீசைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவார். அவ்வாறு வாசிக்கும்போது கதை அறுபடும் இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தாங்களே ஆளுக்கொரு முடிவைச் சொல்லத் தொடங்குவார்கள். 'சேர்ந்திருப்பாங்க', 'செத்துப் போயிருப்பா' என்று திண்ணையில் வாதம் நடக்கும். படம் பார்ப்பதற்கு முன்பே பார்வையாளர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். தம் கணிப்புச் சரியா என்று அறியவே கொட்டகைக்குப் போகிறார்.

ஆகவே கதையை எங்கே நிறுத்துவது என்பதுதான் நோட்டீசு எழுதியவரின் திறமை. பிணக்கு நேருமுன் நிறுத்தினால் கேட்பவர்க்கு வாதிட எதுவுமில்லை. தீர்வு தொடங்கியபின் நிறுத்தினால் அறிய எதுவுமில்லை. பிணக்கு நேர்ந்து, இரு பக்கமும் நியாயம் இருப்பதுபோல் தோன்றும் அந்த ஒரு கணத்தில் நிறுத்த வேண்டும்.

சுவரில் இடமில்லை

சுவரொட்டிக்கு இந்த வசதி கிடையாது. ஓடும் பேருந்தின் சன்னலிலிருந்து பார்ப்பவர் கண்ணில் அது சில நொடிகளே நிற்கிறது. நடந்துபோகிறவரும் நின்று பத்தி பத்தியாகப் படிப்பதில்லை. பெரிய எழுத்தில் பெயர், அதன்கீழ் ஒரு வரி, கொட்டகை, காட்சி நேரம். இவ்வளவே இடம்.

அந்த ஒரு வரியும் பெரும்பாலும் கதையைப் பற்றியதாக இருப்பதில்லை. அது நாளைப் பற்றியது. முதலில் 'விரைவில்' என்று வரும். பிறகு தேதி வரும். வெளியாகும் நாளில் 'இன்று முதல்'. ஓடினால் 'இரண்டாவது வாரம்' என்று ஒரு துண்டுத்தாள் பழைய சுவரொட்டியின் மீதே குறுக்காக ஒட்டப்படும். பெண்கள் கூட்டம் வந்தால் தாய்மார்களின் ஆதரவு குறிப்பிடப்படும். கடைசியில் 'இன்றே கடைசி'. மறுநாளும் அதே படம் ஓடும், மறுநாளும் அதே 'இன்றே கடைசி' இருக்கும் என்பதை ஊரார் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். அதன்பின் அவ்வரி எவரையும் அவசரப்படுத்தியதில்லை. பொய்த்த வாசகம் தன் பொருளை இழப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி எலவனாசூர்கோட்டை போன்ற ஊர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். சென்னையில் படம் வெளியாகும் அன்று நாளிதழ் முழுப்பக்க விளம்பரம் தரும். முதற்சுற்றுப் படப்பெட்டிகள் பெருநகரங்களில் ஓடி முடித்தபின்னரே சிற்றூர்க் கொட்டகைகளுக்கு வரும். அதற்குள் படத்தைப் பற்றி ஊருக்கு வந்து சேர்வது பேச்சு மட்டுமே. சென்னையிலோ கடலூரிலோ படம் பார்த்துவிட்டு வந்தவர் பேருந்து நிலையத்தில் சொல்வது, திருமணத்திற்கு வந்த உறவினர் சொல்வது, இவைதாம் விளம்பரம். அந்தப் பேச்சில் தாங்கி வரக்கூடியது படத்தின் பெயர் ஒன்றே. சுவரொட்டியில் பெயருக்குக் கீழே எவ்வளவு அழகான வரி இருந்தாலும் அது வாய்வழியே பயணம் செய்யாது.

எனவே முகமும் பணமும் இல்லாத படம் ஒன்று செய்ய வேண்டியது இதுதான்: பெயரையே அழைப்பு வாசகமாக ஆக்கிவிடுவது.

ஒரே கதை, இரு பெயர்கள்

மேடை நாடகத்திலிருந்து வந்தவர் விசு. அவர் எழுதிய நாடகம் ஒன்றைத் தழுவி 1975இல் 'உறவுக்கு கை கொடுப்போம்' என்ற படம் வெளிவந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் ஏவி.எம். நிறுவனத்திற்கு ஒரு குடும்பப் படம் எடுக்க முனைந்தபோது அதே கதையை விசு திருத்தி அமைத்தார். மனோரமா ஏற்ற கண்ணம்மா என்னும் வேலைக்காரப் பாத்திரம் அப்போது புதிதாகச் சேர்ந்தது. பெயரும் மாறியது. அதுதான் 'சம்சாரம் அது மின்சாரம்'. 34ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் நல்ல பொழுதுபோக்கு வழங்கிய சிறந்த வெகுமக்கள் படம் என்னும் விருதை அது பெற்றது. 1975இல் வந்த படத்தை இன்று நினைவுகூர்பவர் குறைவு.

வேறுபாடு முழுவதற்கும் பெயரே காரணம் என்று நாம் சொல்லவில்லை. நடிப்பும் உரையாடலும் கண்ணம்மாவும் இருக்கின்றனர். ஆனால் இரு பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது.

'உறவுக்கு கை கொடுப்போம்' என்பது தன்மைப் பன்மை வினைமுற்றில் முடியும் ஓர் அறைகூவல். நல்லது செய்வோம், வாருங்கள் என்கிறது. அதைக் கேட்பவர்க்கு மறுக்கவும் ஒன்றுமில்லை, வியக்கவும் ஒன்றுமில்லை. கதையின் முடிவு இன்னதாகத்தான் இருக்கும் என்பதையும் அது ஏறக்குறைய சொல்லிவிடுகிறது. 'சம்சாரம் அது மின்சாரம்' என்பதோ வினையே இல்லாத பெயர்ப்பயனிலைத் தொடர். இது அது என்கிறது, ஆனால் எப்படி என்று சொல்லவில்லை. விடுகதையின் அமைப்பு இது. சம்சாரம் என்றால் குடும்பம், பேச்சு வழக்கில் மனைவி. மின்சாரம் விளக்கேற்றும், தொட்டால் அடிக்கவும் செய்யும். ஒளி என்கிறாரா, அதிர்ச்சி என்கிறாரா? கேட்பவர் தம் வீட்டை நினைத்துக்கொண்டு தாமே ஒரு விடை சொல்லிக்கொள்வார். கணவர் ஒரு விடையும் மனைவி வேறொரு விடையும் சொல்லலாம். பிட் நோட்டீசு அரைப் பக்கத்தில் செய்த வேலையை மூன்று சொற்கள் செய்துவிட்டன.

யாப்பு

இந்த மூன்று சொற்கள் ஏன் வாயைவிட்டு அகல மறுக்கின்றன? தமிழ் ஆசிரியர் என்ற முறையில் நமக்கு விருப்பமான பகுதி இது. வாசகர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் தொடை. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. அதற்கு முதலெழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும். 'சம்சாரம்', 'மின்சாரம்' இரண்டிலும் முதலெழுத்து குறில். இரண்டாம் எழுத்து ஒன்றில் மகர மெய், மற்றதில் னகர மெய். ஒரே எழுத்தன்று, ஆனால் இரண்டும் மெல்லினம். இதை இலக்கணிகள் இனவெதுகை என்பர். அதன்பின் 'சாரம்' என்பது இரண்டிலும் அப்படியே ஒன்றி இயைபாகிறது.

அடுத்து சீர். சம்/சா/ரம் என்று பிரித்தால் நேர் நேர் நேர், அதாவது தேமாங்காய். மின்/சா/ரம் என்பதும் தேமாங்காய். நடுவே 'அது' என்ற ஒற்றை நிரையசை. இரு பக்கமும் ஒரே எடையுள்ள தட்டு, நடுவே முள். தராசு போன்ற அமைப்பு.

இது தற்செயலா என்று ஐயம் எழலாம். விசு தொடர்புடைய மற்றப் படப் பெயர்களைச் சீர் பிரித்துப் பார்த்தோம். அவர் நாடகத்திலிருந்து எஸ்.பி. முத்துராமன் இயக்கிய 'குடும்பம் ஒரு கதம்பம்' (1981): புளிமா, நிரை, புளிமா. 'திருமதி ஒரு வெகுமதி' (1987): கருவிளம், நிரை, கருவிளம். 'காவலன் அவன் கோவலன்' (1987): கூவிளம், நிரை, கூவிளம். 'பெண்மணி அவள் கண்மணி' (1988): மீண்டும் கூவிளம், நிரை, கூவிளம். 'வேடிக்கை என் வாடிக்கை' (1990): தேமாங்காய், நேர், தேமாங்காய். ஒவ்வொன்றிலும் இரு தட்டும் ஒரே வாய்பாடு. எதுகையில்கூட ஒரே முறையை அவர் பற்றிக்கொள்ளவில்லை. 'பெண்மணி', 'கண்மணி' முழு எதுகை. 'திருமதி', 'வெகுமதி' இரண்டாம் எழுத்தில் உயிர் மட்டும் ஒன்றிய உயிரெதுகை. 'வரவு நல்ல உறவு' (1990) என்பதில் இடையின ரகரமும் வல்லின றகரமும் எதிரெதிர் நிற்கின்றன. இலக்கணப்படி அது எதுகையாகாது. பெரும்பாலோர் பேச்சில் இரண்டும் ஒன்றாகவே ஒலிப்பதால் காது அதை எதுகையாகவே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அங்கும் சீர் தவறவில்லை: புளிமா, தேமா, புளிமா. தொடை நெகிழ்ந்தாலும் எடை நெகிழவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

விசு யாப்பிலக்கண நூலைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர் சூட்டினார் என்று எவரும் கருத வேண்டா. மேடையில் வசனம் பேசிப் பழகிய செவிக்கு அந்த எடை தெரியும். சபா நாடகத்தின் பெயர் அறிவிப்புப் பலகையில் ஒரு வரியாகவும், ஒருவர் மற்றொருவரிடம் சொல்லும் சொல்லாகவும் மட்டுமே வாழ்ந்தது. அங்கே பெற்ற பயிற்சி சுவரொட்டிக்கு உதவியது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஒரே அச்சில் பெயர்கள் அடுத்தடுத்து வந்தபோது, கேட்பவர் அவற்றிலிருந்து கதையைக் கணிப்பதை விட்டு ஆக்கியோனைக் கணிக்கத் தொடங்கினர். இது விசு படம் என்று தெரிந்தது. விடுகதை முத்திரையாகிவிட்டது. முத்திரைக்கும் மதிப்பு உண்டுதான், ஆனால் அது வினா எழுப்புவதில்லை. 'திருமதி ஒரு வெகுமதி' என்பது பாராட்டு. 'பெண்மணி அவள் கண்மணி' என்பதும் பாராட்டு. இரண்டிலும் ஓசை இருக்கிறது, மின்சாரத்தில் இருந்த இரட்டைப் பொருள் இல்லை.

பெயர் காத்த இரகசியம்

படத்தின் கதை பலரும் அறிந்ததே. அம்மையப்ப முதலியார் குடும்பத்தில் வீட்டுச் செலவுக்குத் தான் தரும் பணத்தைக் கணக்குப் பார்க்கிறான் மூத்த மகன் சிதம்பரம். வாக்குவாதம் முற்றித் தந்தை வீட்டின் நடுவே கோடு கிழித்துவிடுகிறார். மூத்த மருமகள் உமா பொறுமையாக ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து எல்லோரையும் சேர்த்து வைக்கிறாள். இத்தகைய கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எல்லாம் சரியான பின் அதே உமா, நாங்கள் தனியாகவே இருக்கிறோம், தொலைவில் இருந்து அன்போடு வந்து போகிறோம் என்கிறாள். கூட்டுக் குடும்பத்தைப் போற்றப்போகிறது என்று நாம் எண்ணிய படம் தனிக்குடித்தனத்தின் நியாயத்தைச் சொல்லி முடிகிறது.

இந்த முடிவுக்கு எந்தப் பெயர் பொருந்தும்? 'கை கொடுப்போம்' என்று அழைத்துவிட்டு இம்முடிவைக் காட்டினால் பார்வையாளர் ஏமாற்றப்பட்டதாக உணரக்கூடும். மின்சாரம் என்று சொல்லியிருந்தால் அந்தக் குறை இல்லை. மின்சாரத்தைப் பயன்படுத்தவும் வேண்டும், சற்றுத் தள்ளி நிற்கவும் வேண்டும். படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் பெயரை மீண்டும் சொல்லிப் பார்க்கும்போது அதற்கு மூன்றாவதாக ஒரு பொருள் கிடைக்கிறது. உள்ளே போகுமுன் வினாவாக இருந்தது வெளியே வரும்போது விடையாகிறது.

பிற மொழிகளில் இக்கதை சென்றபோது என்ன ஆயிற்று என்பது சுவையானது. தெலுங்கில் 1987இல் 'சம்சாரம் ஒக சதரங்கம்', குடும்பம் ஒரு சதுரங்கம். இந்தியில் அதே ஆண்டு வெறும் 'சன்சார்'. கன்னடத்தில் 'ஒந்தே கூடின ஹக்கிகளு', ஒரே கூட்டின் பறவைகள். மலையாளத்தில் 1988இல் 'குடும்பபுராணம்'. தெலுங்குப் பெயர் ஓசையை ஓரளவு காப்பாற்றிக்கொண்டு பொருளைச் சூழ்ச்சிப் பக்கம் திருப்பியது. கன்னடப் பெயர் இரக்கத்தை முன்வைத்தது. பறவைகள் கூட்டைவிட்டுப் பறக்கும் என்ற குறிப்பும் அதில் உண்டு. மலையாளப் பெயர் ஒரு புன்முறுவலோடு நிற்கிறது. இந்திப் பெயர் பொருளை மட்டும் அறிவித்து ஓய்ந்தது. ஒளியும் அதிர்ச்சியும் சேர்ந்த உவமை எதற்கும் கிட்டவில்லை. சம்சாரமும் மின்சாரமும் ஒரே ஓசையில் முடிவது தமிழுக்கு வாய்த்த நற்பேறு.

மூன்று வரிகள், ஒரு சோதனை

இனி ஒரு பயிற்சி. இப்படத்திற்குப் பெயர் வேறாக இருந்து, சுவரொட்டியில் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுத வேண்டிய பொறுப்பு நமக்கு வந்ததாகக் கொள்வோம். நாமே எழுதிய மூன்று வரிகளைச் சோதித்துப் பார்க்கலாம்.

'கூட்டுக் குடும்பம் காப்போம்' என்பது முதல் வரி. மோனை இருக்கிறது, சுருக்கம் இருக்கிறது. ஆனால் இது படம் செய்யாத ஒன்றை வாக்களிக்கிறது. இவ்வரியை நம்பித் தம் மருமகளை அழைத்துக்கொண்டு வந்த மாமியார் கடைசிக் காட்சியில் என்ன நினைப்பார்? சிறு படத்திற்கு ஊர்ப்பேச்சே உயிர் என்றால், முதல் மூன்று நாளில் வெளியே வருகிறவர் மனத்தாங்கலோடு வருவது ஆபத்து.

'கோடு கிழித்தார் தந்தை, கூட்டி வைத்தாள் மருமகள்' என்பது இரண்டாவது. ஓசை நன்று. ஆனால் கதையின் பெரும்பகுதியைச் சொல்லிவிட்டது. அதோடு, இறுதித் திருப்பம் இருப்பதையும் மறைத்து, படம் இவ்வளவுதான் என்ற எண்ணத்தைத் தந்துவிட்டது. பார்வையாளர் தாமே முடிவைச் சொல்ல இடமில்லை.

மூன்றாவது: 'ஒரு வீடு, ஒரு கோடு.' நான்கே சொற்கள், முழு எதுகை, இரு பக்கமும் ஒரே எடை. பேருந்தில் போகிறவர் கண்ணுக்கு அகப்படும். கோடு யார் கிழித்தது, எதற்காக, அழிக்கப்பட்டதா என்பவை எல்லாம் எஞ்சி நிற்கின்றன. பிணக்கு நேர்ந்த கணத்தில் சரியாக நிறுத்துகிறது. முடிவுக்கும் இது துரோகம் செய்யவில்லை, ஏனெனில் இறுதியில் உமா கேட்பதும் ஒரு வகைக் கோடுதான், பகையில்லாத கோடு.

ஆனாலும் 'சம்சாரம் அது மின்சாரம்' என்பதற்கு இது ஈடாகாது. நம் வரி அந்த வீட்டைப் பற்றியது. விசுவின் பெயர் கேட்பவர் வீட்டைப் பற்றியது.

ஓரெழுத்து வாசகம்

குடும்பப் படச் சுவரொட்டியில் மற்றொரு வாசகமும் உண்டு. அது ஓரெழுத்து: 'யு'. 1983 முதல் 'யு', 'யுஏ', 'ஏ', 'எஸ்' என்று தணிக்கைச் சான்றிதழ் நான்கு வகையாயிற்று. மூலையில் சிறிதாகப் போட வேண்டிய அந்த எழுத்தைக் குடும்பப் படத்தார் பெரிதாகப் போடுவார்கள். கேட்போர் இன்னார் என்று சொல்ல அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. குழந்தையையும் பாட்டியையும் அழைத்து வரலாம் என்ற உறுதிமொழி அது.

பிற்காலத்தில் பெயரும் இவ்வெழுத்தும் வரிக் கணக்கிற்குள் வந்தன. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்று 2006இல் தமிழக அரசு அறிவித்தது. 2011இல் 'யு' சான்றிதழும் வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அந்தச் சலுகை பழைய வடிவில் நிலைக்கவில்லை.

சலுகையின் விலையையும் சொல்ல வேண்டும். 2006இல் திருமுருகன் இயக்கிய குடும்பப் படத்திற்கு முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'. 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய செருமானியக் கப்பலின் பெயர் எம்டன். அதிலிருந்து, அடங்காத அஞ்சத்தக்க ஆளை 'எம்டன்' என்பது தமிழ்நாட்டுப் பேச்சு வழக்காயிற்று. கண்டிப்பான தந்தைக்கும் அவரிடம் நடுங்கும் மகனுக்கும் இடையிலான கதையை அவ்விரு சொற்களே சொல்லிவிட்டன. வரிவிலக்குக்காகப் பெயர் 'எம் மகன்' என்று சுருங்கியது. கப்பல் போயிற்று, தந்தையும் போனார், மகன் மட்டும் எஞ்சினான். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் பொருள்படும் ஒரு சொல் அயற்சொல் என்று கழிக்கப்பட்டதில் நமக்கு வருத்தமே.

இப்போது சுவரொட்டிக்கு முன்பே பெயர் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. எதுகைப் பெயர்களும் குறைந்துவிட்டன. ஆனால் விடுகதை மாறவில்லை. 2025இல் வெளியான சிறு முதலீட்டுப் படமான 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து பிழைப்புத் தேடிக் கள்ளத்தனமாகக் கடல் கடந்து வந்த தமிழ்க் குடும்பத்திற்கு அந்தப் பெயர். சுற்றுலா என்ற சொல்லுக்கும் அவர்கள் நிலைக்கும் உள்ள இடைவெளியே அழைப்பு வாசகம். எதுகையும் இல்லை, தமிழும் இல்லை, எனினும் சொல்லாமல் விட்டது இருக்கிறது. அந்த இடைவெளியைப் படம் பார்த்தே நிரப்ப முடியும்.

பாயிரம் இல்லாத நூல் பனுவல் ஆகாது என்பது பழையோர் கொள்கை. பாயிரமே நூல் முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்று அவர்கள் சொன்னதில்லை.